கண்காட்சி ஸ்டால்: சாம்பிள், விலைப்பட்டியல், என்கொயரிச் சீட்டு மூன்றையும் ஒரே எண்ணில் கோர்ப்பது எப்படி

வர்த்தகக் கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் மேசைமேல் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு கிடக்கும். யார் எந்தப் பொருளைக் கேட்டார், எத்தனை வேண்டும் என்றார், நாம் என்ன விலை சொன்னோம் என்பது எந்தக் கார்டிலும் இருக்காது. ஸ்டால் வாடகை, அச்சு, வண்டிக்கூலி என்று போட்ட பணமெல்லாம் அந்த இடத்தில்தான் கரைகிறது. ஸ்டாலில் தொங்கும் சாம்பிள், கையில் இருக்கும் விலைப்பட்டியல், வந்தவர் சொன்னதை எழுதும் சீட்டு ஆகிய மூன்றும் ஒரே பொருள் எண்ணால் இணைந்திருந்தால் இது நடக்காது. அந்த எண்ணை முதலில் போட்டுவிட்டு மற்ற வேலைகளை அதன்மேல் கட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு அம்பத்தூரில் ஆறு தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு துணிப்பை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் மூன்று நாள் கண்காட்சி, 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டால். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து துணிப்பைக்கு ஜவுளிக்கடை, கல்யாணத் தாம்பூலப் பை, மாநாட்டுப் பை என்று பல பக்கமிருந்தும் ஆள் வருகிறார்கள். ஆகவே ஒரே நாளில் டஜன் விலை கேட்கும் பாரிமுனை மொத்த வியாபாரியும், 150 பை மட்டும் கேட்கும் கல்யாண வீட்டாரும், தி.நகர் கடை மேலாளரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் முறையைக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் துணி விலையையும் கூலியையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரம் முன்பு: எண்ணும் சாம்பிளும்

செய்யத் தெரிந்த நாற்பது மாடலையும் கொண்டுபோய் மாட்டாதீர்கள். 9 சதுர மீட்டரில் எட்டு மாடலுக்கு மேல் தொங்கினால் வருகிறவர் கண் எதிலும் நிற்காது, நம் ஆளுக்கும் விலை நினைவில் நிற்காது. எட்டைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும்: இன்றைக்கு 1,000 ஆர்டர் வந்தால் வெளியே எதையும் தேடி அலையாமல் செய்து தர முடியுமா? முடியாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எட்டுக்கும் CB-01 முதல் CB-08 வரை எண் கொடுங்கள். நிறம் மாறினால் புது எண் வேண்டாம், பின்னால் ஓர் எழுத்து போதும். ஆனால் அளவோ துணியோ மாறினால் விலை மாறும், அதனால் எண்ணும் மாற வேண்டும். இந்த எண் பையின் உள்தையலில் தைத்த சின்ன லேபிளில் இருக்கட்டும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அட்டை முதல் நாள் மதியத்துக்குள் அறுந்து விழுந்துவிடும்.

ஒவ்வொரு மாடலிலும் நான்கு பை வேண்டும். ஒன்று தொங்க, ஒன்று வந்தவர் கையில் கொடுத்துப் பார்க்க, ஒன்று கெட்டியான வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தனுப்ப. நான்காவது யூனிட்டிலேயே பூட்டி வைக்க. கொடுத்தனுப்பிய சாம்பிளுக்கும் பின்னால் போகும் சரக்குக்கும் சண்டை வந்தால் அந்த நான்காவதுதான் சாட்சி.

சாம்பிளில் நடக்கும் பெரிய தவறு, அதற்கென்றே தனியாக நன்றாகத் தைப்பது. மூத்த டெய்லர் உட்கார்ந்து, நல்ல துணியாக எடுத்து, நெருக்கமாகத் தையல் போட்டு எட்டுப் பை தைத்துக் கொடுப்பார். வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். 2,000 பை போனதும் "சாம்பிள் மாதிரி இல்லையே" என்று பில்லில் கழிப்பார். சாம்பிளை ஓடுகிற உற்பத்தியிலிருந்து, கட்டின் நடுவிலிருந்து எடுங்கள். பத்து அவுன்ஸ் கேன்வாஸ் என்று எழுதினால் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டித் துல்லியமான தராசில் வைத்தால் 3.4 கிராம் வர வேண்டும். 3 கிராம்தான் வருகிறது என்றால் அது ஒன்பது அவுன்ஸ் துணி. பட்டியலிலும் அப்படியே எழுதுங்கள். கார்மென்ட் ஏற்றுமதிக்காரர் தன் ஆபீசுக்குப் போனதும் இதைத்தான் முதலில் எடை போடுவார்.

இரண்டு பொருள் மட்டும் கூடுதலாகச் செய்யலாம். ஒன்று, பாதியாக வெட்டிய பை. உள்ளே துணி ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல் எப்படி இருக்கிறது, கைப்பிடி எத்தனை சென்டிமீட்டர் உள்ளே இறங்கிப் பெருக்கல் குறித் தையலோடு நிற்கிறது என்பது அதில் தெரியும். இன்னொன்று, 10 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து ஒரு தனி ஸ்டாண்டில் மூன்று நாளும் தொங்கவிட்ட பை. "எவ்வளவு தாங்கும்?" என்ற கேள்வியே பிறகு வராது.

நான்கு வாரம் முன்பு: விலை

விலைப்பட்டியலுக்கு முன் விலைக்கணக்கு. CB-03 என்பது 38க்கு 40 சென்டிமீட்டர் பை, பக்கவாட்டு மடிப்பு இல்லை, ஒரு கலர் பிரிண்ட். தையல் மடிப்பைச் சேர்த்து உடம்புக்கு 40க்கு 90 சென்டிமீட்டர் துணி வேண்டும். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று உடம்பு வெட்டினால் 30 சென்டிமீட்டர் மிச்சம். அதில் மூன்று கைப்பிடிதான் வரும், தேவை ஆறு. மீதிக் கைப்பிடிக்குத் தனியாகத் துணி வெட்டி, சேதாரமும் சேர்த்தால் பைக்கு 0.35 மீட்டர். உடம்பை மட்டும் கணக்குப் போட்டு 0.30 என்று வைத்துக்கொண்டால் அங்கேயே பைக்கு ஆறரை ரூபாய் போய்விடும்.

துணி மீட்டர் 130 ரூபாய் என்றால் 45.50. தையல் 10, நூலும் லேபிளும் 2, பிரிண்ட் 4, பேக்கிங் 2.50, வாடகை, கரண்ட், பழுதாகிக் கழிக்கும் பை எல்லாம் சேர்த்து 6. மொத்தம் 70 ரூபாய். இதற்குமேல் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒருமுறை வரும் செலவு உண்டு. பிரிண்டுக்கு ஸ்கிரீன் போடுவது, வெட்டத் துணியை அடுக்காக விரிக்கும் கட்டிங் லே போடுவது, டிசைன் சாம்பிள் எடுப்பது என்று 3,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். 300 பைக்கு இது பைக்குப் பத்து ரூபாய், 1,000 பைக்கு மூன்று ரூபாய், 5,000 பைக்கு அறுபது பைசா. 5,000 பைக்குத் துணியை மொத்தமாக எடுத்தால் மீட்டருக்கு 4 ரூபாய் குறையும், அது பைக்கு 1.40. ஆகவே அடக்கம் முறையே 80, 73, 69.20. விற்கும் விலையில் இருபது சதவீதம் லாபம் வேண்டுமென்றால் அடக்கத்தை 0.80 ஆல் வகுக்க வேண்டும். பைசாவை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றினால் 100, 92, 87.

இங்கே பலரும் வழுக்குகிறார்கள். 73க்கு மேல் இருபது சதவீதம் கூட்டினால் 87.60 வரும், அதை இருபது சதவீத லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விற்பனை விலையில் பார்த்தால் அது 16.7 சதவீதம்தான். ஸ்டாலில் வந்தவர் "பத்து பர்சென்ட் குறையுங்க" என்பார், அவர் கேட்பது விற்பனை விலையில். 87.60 குறைந்து 78.84 ஆகும், கையில் நிற்பது ஆறு ரூபாய்கூட இல்லை. 92 என்று வைத்தவருக்கு 82.80 வரும், பத்து ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும்.

எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். குறைந்தது பன்னிரண்டு சதவீதம் என்றால் 73ஐ 0.88 ஆல் வகுத்து 83 ரூபாய். இந்த அடிமட்ட விலை எட்டு மாடலுக்கும் ஒரு சின்ன அட்டையில், ஸ்டாலில் நிற்கும் ஆளின் சட்டைப் பையில் இருக்கட்டும். மேசையிலோ செல்போனிலோ விலைப்பட்டியலோடு சேர்த்தோ வைக்காதீர்கள். பேசிக்கொண்டே மேசைமேல் கிடப்பதைப் படம் பிடித்துப் போகிறவர்கள் எல்லாக் கண்காட்சியிலும் உண்டு.

பட்டியலை எப்படி எழுதுவது

ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். எண், சின்னப் படம், அளவு, துணி, பிரிண்ட் உண்டா, பிறகு 300, 1,000, 5,000 என்று மூன்று விலை, ஒரு அட்டைப்பெட்டிக்கு எத்தனை, எத்தனை வேலை நாளில் தருவோம். அளவை அகலம், உயரம் என்ற வரிசையில் எழுதுகிறோம் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். 38க்கு 40ஐ ஒருவர் திருப்பிப் படித்து டிசைன் போட்டுவிட்டால் ஸ்கிரீன் வீண்.

தாளின் அடியில் இருக்கும் நாலைந்து வரிகள்தான் பிற்பாடு காப்பாற்றும். விலை அம்பத்தூரில் எடுத்துக்கொள்ளும் விலையா, சென்னைக்குள் இறக்கித் தரும் விலையா என்பது ஒரு வரி. ஜிஎஸ்டி தனி, வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் இது என்பது இன்னொன்று (எண்ணையும் வரி விகிதத்தையும் ஆடிட்டரிடம் கேட்டுப் போடுங்கள், பக்கத்து ஸ்டாலைப் பார்த்து எழுதாதீர்கள்). முன்பணம் எவ்வளவு, இரண்டாவது கலருக்கு எவ்வளவு கூடும் என்பது அடுத்தது. கடைசியாக "இந்த விலை இன்ன தேதி வரை" என்ற வரி. நூல் விலை ஏறினால் துணி விலையும் ஏறும். தேதி போடாத பட்டியலை எட்டு மாதம் கழித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார், அவரிடம் மறுப்பது கஷ்டம். தாளின் மூலையில் பதிப்பு எண்ணும் போடுங்கள். ஒரு தவறு கண்டு திருத்தி அச்சடித்தால் எது பழையது என்று அப்போதுதான் தெரியும்.

விலைப்பட்டியலை அள்ளிக் கொடுக்க வேண்டாம். கேட்டவருக்கெல்லாம் கொடுக்க, படமும் எண்ணும் போன் நம்பரும் மட்டும் உள்ள ஒரு அட்டை 500 அடியுங்கள். விலைத்தாள் அறுபது போதும், அது என்கொயரிச் சீட்டு எழுதியவருக்கு மட்டும். மற்றவர்க்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். அப்படி அனுப்பினால் அவர் நம்பரும் தானாக நம்மிடம் வந்துவிடும்.

மூன்று வாரம் முன்பு: என்கொயரிச் சீட்டு

ஏ5 அளவில், வரிசை எண் அச்சிட்ட, கார்பன் நகல் வரும் புத்தகம். பில் புக் அடிக்கும் எந்த அச்சகத்திலும் செய்து தருவார்கள். ஐம்பது சீட்டுள்ள புத்தகம் நான்கு போதும். செல்போன் ஃபார்ம் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று தோன்றும். கூட்டம் நிறைந்த ஹாலுக்குள் டேட்டா இழுத்துக்கொண்டு நிற்கும், ஃபார்ம் திறக்காது. அதோடு, திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் விற்பனையாளரிடம் எதிரே நிற்பவர் மனம்விட்டுப் பேசுவதில்லை.

சீட்டில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

- பெயர், நிறுவனம், ஊர், வாட்ஸ்அப் நம்பர்
- பொருள் எண் (CB-01 முதல் CB-08 வரை அச்சிட்ட கட்டங்கள், டிக் செய்ய)
- எத்தனை, எந்தத் தேதிக்குள், எதற்காக
- பிரிண்ட்: இல்லை / ஒரு கலர் / பல கலர்
- நாம் சொன்ன விலை, நாம் ஒப்புக்கொண்டது
- தரம்: அ, ஆ, இ
- எழுதியவர் கையெழுத்து
- "விலை விவரம் அனுப்ப என் நம்பரைப் பயன்படுத்தலாம்" என்ற டிக் கட்டம்

"நாம் ஒப்புக்கொண்டது" என்ற வரிதான் இந்தச் சீட்டின் உயிர். வந்தவர் கேட்டதை எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். "திங்கட்கிழமை நீலக் கலர் சாம்பிள் அனுப்புகிறேன்" என்று நம் வாயால் சொன்னதை யாரும் எழுதமாட்டார்கள். வந்தவருக்கு நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

சீட்டை நம் ஆள்தான் எழுத வேண்டும். வந்தவர் கையில் பேனாவைக் கொடுத்தால் பெயரும் நம்பரும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். பேசும்போதே டிக் போட்டுக்கொண்டு போய், நம்பரை மட்டும் வாய்விட்டுத் திரும்பப் படித்துச் சரிபார்த்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். விசிட்டிங் கார்டை அதே சீட்டில் ஸ்டேபிள் செய்துவிடுங்கள், தனி டப்பா வேண்டாம்.

ஸ்டாலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஒரு கியூஆர் கோடு வேண்டும். ஒவ்வொரு சாம்பிளுக்குப் பக்கத்திலும் அந்த மாடலின் எண்ணோடு வாட்ஸ்அப் திறக்கும்படி இணைப்பு செய்யலாம். எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் நம்பர்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=CB-03
```

ஸ்கேன் செய்தால் "CB-03" என்ற செய்தி தயாராக நிற்கும், அவர் அனுப்பு பட்டனைத் தொட்டால் போதும். இணைப்பில் நீளமாகத் தமிழ் வாக்கியம் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தும் பல குறிகளாக விரிந்து கோடு நெருக்கமாகிவிடும், பழைய போன் கேமரா படிக்காது. நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும், 80 சென்டிமீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய 8 சென்டிமீட்டர். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஸ்பாட் லைட் பட்டுக் கண்ணைக் கூசும், மேட் போடுங்கள். இன்னொன்று முக்கியம்: தங்கள் தளம் வழியாகத் திருப்பிவிடும் "டைனமிக்" கோடு இலவசமாகத் தரும் பல தளங்களில் சோதனைக் காலம் முடிந்ததும் கோடு வேலை செய்யாமல் போகும். மேலே உள்ள மாதிரி நேரடி இணைப்பை வைத்து உருவாக்கும் சாதாரணக் கோடு காலாவதியாகாது.

ஒரு வாரம் முன்பு: ஸ்டாலும் வண்டியும்

அமைப்பாளர் தரும் சாதாரண ஸ்டாலில் பெரும்பாலும் மூன்று பக்கம் வெள்ளைத் தடுப்பு, முகப்பில் பெயர்ப் பலகை, ஒரு மேசை, இரண்டு மூன்று நாற்காலி, சில விளக்கு, ஒரு பிளக் இருக்கும். எது எத்தனை என்பது உங்கள் கையேட்டில் இருக்கும், அதைப் படித்துத்தான் மீதியை வாங்க வேண்டும். முகப்புப் பெயரை ஃபார்மில் எப்படி எழுதிக் கொடுத்தீர்களோ அப்படியே ஒட்டுவார்கள். எழுத்துப் பிழை இருந்தால் மூன்று நாளும் அதுதான்.

தடுப்பில் ஆணி அடிக்க முடியாது, கனமும் தாங்காது. தொங்கவிட எஸ் கொக்கியும் மெல்லிய சங்கிலியும், கனமான பைக்குத் தனி ஸ்டாண்டும் எடுத்துப் போங்கள். மேசையை முகப்பில் குறுக்கே போடாதீர்கள். குறுக்கே போட்டால் ஆள் வெளியிலேயே நின்று அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பக்கச் சுவரை ஒட்டிப் போட்டால் உள்ளே வந்து பையைத் தொடுவார், தொட்டவர்தான் விலை கேட்பார். பிளக்கில் அயர்ன் பாக்ஸ் போட்டால் டிரிப் ஆகும், பக்கத்து ஸ்டாலும் சேர்ந்து இருட்டாகும். பைகளை முதல் நாளே அயர்ன் செய்து, மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள்.

ஒரு குட்டி யானை வண்டி போதும். சரக்கோடு டெலிவரி சலான் கட்டாயம். "கண்காட்சிக்கான மாதிரி, விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, எண்ணிக்கையும் மதிப்பும் போட்டு மூன்று நகல். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும், சாம்பிள் மட்டும் என்றால் அந்தத் தொகை வராது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போடுங்கள். இறக்கும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது மழை பிடித்தால் கேன்வாஸில் நீர்க்கறை விழும், அது அயர்னுக்குப் போகாது.

கண்காட்சி நாளில் ஒரு சீட்டு எப்படி ஓடுகிறது

தி.நகர் கடை மேலாளர் CB-03ஐக் கையில் எடுக்கிறார். "ஆடித் தள்ளுபடிக்கு 2,000 பை, எங்க பேரோட. இருபது நாள்ல வேணும், 85 ரூபாய்க்கு முடியுமா சார்?"

நம் ஆள் சீட்டில் டிக் போட்டபடியே கணக்குப் பார்க்க வேண்டும். ஆறு மெஷின், ஒன்றுக்கு நாளைக்கு 40 பை, ஆக 240. 2,000 பைக்கு ஒன்பது நாள் தையல். துணி வர நான்கு, கட்டிங் ஒன்று, பிரிண்ட் காய இரண்டு, பேக்கிங் ஒன்று. மொத்தம் 17 வேலை நாள். ஞாயிறு கழித்தால் இருபது நாளில் இருப்பது 17 அல்லது 18தான், அதில் டிசைன் ஒப்புதலுக்கே இரண்டு நாள் போகும். ஒத்துக்கொண்டால் தவறும். ஆகவே பதில் இப்படி இருக்கட்டும்: "டிசைன் ஓகே பண்ணின நாள்லேர்ந்து 18 வேலை நாள் ஆகும் சார். உங்க தேதிக்குள்ள 1,200 கொடுத்துடறோம், மீதி அடுத்த வாரம். பாதி முன்பணம்னா 85க்குப் பண்ணலாம்." 85 என்பது அடிமட்டமான 83க்கு மேலே இருப்பதால் முதலாளிக்கு போன் போடத் தேவையில்லை. பேசியதை அப்படியே "நாம் ஒப்புக்கொண்டது" வரியில் எழுதி, நகலை அவரிடம் கொடுத்துவிடலாம்.

இந்தச் சீட்டுக்குத் தரம் அ. எண்ணிக்கை தெரியும், தேதி தெரியும், முடிவெடுப்பவர் எதிரிலேயே நிற்கிறார். மூன்றில் இரண்டு இருந்தால் ஆ. "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்றால் இ. தரத்தை அவர் நகர்ந்த அந்த நிமிடமே போட வேண்டும். சாயங்காலம் போட்டால் எல்லாமே ஆ ஆகிவிடும்.

மணிக்கொரு முறை புதிய சீட்டுகளைப் படம் பிடித்து யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். புத்தகம் காணாமல் போனாலும் விவரம் தப்பும். யூனிட்டில் இருப்பவர் அன்று இரவே ஒரு கூகுள் ஷீட்டில் சீட்டு எண், பொருள் எண், எண்ணிக்கை, ஒப்புக்கொண்டது, செய்ய வேண்டிய தேதி என்று ஏற்றிவிட வேண்டும். கியூஆர் வழியாக வந்த செய்திகளும் அதே ஷீட்டில், வேறு வரிசை எண்ணில்.

முடிந்த பிறகு

அ சீட்டுக்கு அன்று இரவே இரண்டு வரி: "வணக்கம் சார், நந்தம்பாக்கத்தில் CB-03 2,000 பை பேசினோம். கொட்டேஷன் நாளை மாலைக்குள்." இந்தச் செய்தியோடு அவர் கையில் பிடித்துப் பார்த்த பையின் படம் போகட்டும். அன்றைக்கு அவர் இருபது ஸ்டால் பார்த்திருப்பார், யார் என்று படம் பார்த்தால்தான் தெரியும். கொட்டேஷனில் சீட்டு எண்ணையும் பட்டியலின் பதிப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள். ஆ சீட்டுக்கு மூன்று நாளுக்குள் பிடிஎஃப் பட்டியலும், அவர் கேட்ட மாடலுக்கு மட்டும் ஒரு வரி விலையும். இ சீட்டுக்கு அட்டையின் படம் ஒருமுறை போதும், தினமும் வாழ்த்துச் செய்தி அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

பத்தாவது நாள் அ, ஆ இரண்டையும் போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். "விலை அதிகம்", "தேதி ஒத்துவரவில்லை", "வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம்" என்று எந்தப் பதில் வந்தாலும் ஷீட்டில் அந்த வரிசையிலேயே எழுதுங்கள். CB-05க்கு விசாரித்த பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் விலை அதிகம் என்றால் அந்த மாடலின் கட்டிங் லேயைத் திரும்பப் பார்க்க வேண்டும். யாருமே விசாரிக்காத மாடல் அடுத்த கண்காட்சியில் அந்தக் கொக்கியில் தொங்கத் தேவையில்லை.